ரிட்டரின் வெட்டு

ரயில் பாலத்தின் பக்கவாட்டில் முக்கோணம் முக்கோணமாகக் கோத்து நிற்கும் இரும்புச் சட்டங்களின் தொகுப்புக்கு டிரஸ் என்று பெயர். அதில் விசை தாங்கும் ஒவ்வொரு சட்டமும் இரண்டில் ஒரு நிலையில் இருக்கிறது. ஒன்று, இழுபடுகிறது. அல்லது அமுக்கப்படுகிறது. எது எவ்வளவு என்று தெரிந்தால்தான் அந்தச் சட்டத்துக்கு எவ்வளவு இரும்பு போடுவது என்று முடிவு செய்ய முடியும்.

டிரஸில் நூறு சட்டங்கள் இருக்கட்டும். நமக்கு ஒன்றே ஒன்றின் விசைதான் தேவை என்று வைத்துக்கொள்ளுங்கள். துருப்பிடித்த ஒரு சட்டம், லாரி இடித்து வளைந்த ஒரு சட்டம். மற்றத் தொண்ணூற்றொன்பதைத் தொடாமல் அந்த ஒன்றை மட்டும், ஒரே சமன்பாட்டில், ஒரே வகுத்தலில் கண்டுபிடிக்கலாம். சிவில் மாணவர்கள் இரண்டாம் ஆண்டிலேயே இதைக் கற்றுவிடுகிறார்கள். ஆனால் இந்த வழி ஒரே நாளில் வந்ததல்ல. அமெரிக்காவின் ஒரு நகரில் தொடங்கி, ரஷ்யா, பெர்லின், கிளாஸ்கோ வழியாக வந்து, ஜெர்மனியின் ஹனோவரில்தான் அது முழு உருவம் பெற்றது.

1847ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தின் யுட்டிக்கா ஊரில் ஸ்கொயர் விப்பிள் என்ற பொறியாளர் பாலம் கட்டுவது பற்றி ஒரு புத்தகம் வெளியிட்டார். அதுவரை அமெரிக்காவில் மரத்திலும் இரும்பிலும் நூற்றுக்கணக்கான டிரஸ் பாலங்கள் எழும்பியிருந்தாலும், சட்டங்களின் கனத்தை அனுபவமும் தச்சரின் கண்ணுமே முடிவு செய்தன. விப்பிள்தான் முதன்முறையாக ஒரு மூட்டை மட்டும் தனியே எடுத்து, அதில் வந்து சேரும் விசைகள் ஒன்றையொன்று சமன் செய்தாக வேண்டும் என்று எழுதிக் காட்டினார். ஒரு மூட்டின் விடை அடுத்த மூட்டுக்குத் தொடக்கமாகும். அதன் விடை அதற்கடுத்ததற்கு. ஓரத்துத் தாங்கியில் தொடங்கி, மூட்டு மூட்டாக நடந்து நடுப்பகுதிக்குப் போகலாம்.

ஏறத்தாழ அதே காலத்தில் ரஷ்யாவில் திமீத்ரி ஷுராவ்ஸ்கி என்ற இளம் பொறியாளரும் தானாகவே இந்த வழிக்கு வந்து சேர்ந்தார். பீட்டர்ஸ்பர்க் – மாஸ்கோ ரயில் பாதைக்காக ஹோவ் வகை மரப் பாலங்கள் கட்டிக்கொண்டிருந்த நேரம் அது. எல்லாச் செங்குத்துக் கம்பிகளையும் ஒரே தடிமனில் போடுவதுதான் வழக்கம். ஷுராவ்ஸ்கி கணக்குப் போட்டுப் பார்த்தபோது தாங்கிக்குப் பக்கத்திலுள்ள கம்பிகள் நடுவிலுள்ளவற்றைவிட மிக அதிகமாக இழுபடுவது தெரிந்தது. கணக்கை நம்பாதவர்களுக்காக ஒரு மாதிரிப் பாலம் செய்து, செங்குத்துக் கம்பிகளுக்குப் பதில் உலோகத் தந்திகளைக் கட்டி, பாரம் ஏற்றி, வயலின் வில்லால் ஒவ்வொன்றையும் மீட்டிக் காட்டினாராம். ஓரத்துத் தந்திகள் உச்ச சுருதியில் ஒலித்தன. நடுத்தந்திகள் தாழ்ந்து ஒலித்தன. இந்தச் சம்பவத்தைப் பொருள் வலிமையியலின் வரலாற்றை எழுதிய டிமோஷெங்கோ பதிவு செய்திருக்கிறார்.

மூட்டு மூட்டாக நடப்பதில் தவறில்லை. ஆனால் பத்தாவது கட்டத்திலுள்ள சட்டத்தைத் தெரிந்துகொள்ள ஒன்பது கட்டங்களைக் கடந்தாக வேண்டும். மூன்றாவது மூட்டில் ஒரு குறி தவறினால் அந்தத் தவறு கடைசி வரை கூடவே வரும். கணிப்பொறி இல்லாத காலத்தில், பல தசம இலக்கங்களைக் கையாலேயே பெருக்கி வகுத்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய தொல்லை என்று நினைத்துப் பாருங்கள்.

அடுத்த அடி பெர்லினில் விழுந்தது. 1851ல் யோஹான் வில்ஹெல்ம் ஷ்வெட்லர் டிரஸை ஓர் உத்தரமாகவே பார்த்தார். உத்தரத்தை எந்த இடத்தில் வெட்டிப் பார்த்தாலும் அங்கே ஒரு வெட்டுவிசையும் ஒரு வளைவுத் திருப்புத்திறனும் இருக்கும். டிரஸிலும் அப்படித்தான். மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும் ஒன்றுக்கொன்று இணையாக ஓடினால், வளைவை அந்த இரண்டும் தாங்குகின்றன; வெட்டுவிசையை நடுவிலுள்ள சாய்வுச் சட்டம் தனியே தாங்குகிறது. அதே ஆண்டில் கார்ல் குல்மன், அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் தான் பார்த்து வந்த பாலங்களைப் பற்றி எழுதி, டிரஸ் கணக்கை ஜெர்மன் பொறியாளர்களின் மேசைக்குக் கொண்டுவந்தார். 1858ல் கிளாஸ்கோ பல்கலைக்கழகப் பேராசிரியர் ராங்கின் தன் இயக்கவியல் கையேட்டில் வெட்டின் தத்துவத்தைப் பொதுவாகச் சொன்னார்: சட்டகத்தை ஒரு கற்பனைப் பரப்பால் இரண்டாகப் பிரித்தால், அந்தப் பரப்பு வெட்டும் சட்டங்களின் விசைகள் ஒவ்வொரு பாதியின் மீதும் உள்ள வெளி விசைகளைச் சமன் செய்யும்.

வெட்டு வந்துவிட்டது. ஆனால் ஒரே அடியில் விடை இன்னும் வரவில்லை. மூன்று சட்டங்களை வெட்டினால் தெரியாதவை மூன்று. பக்கவாட்டு விசைகளுக்கு ஒரு சமன்பாடு, செங்குத்து விசைகளுக்கு ஒன்று, திருப்புத்திறனுக்கு ஒன்று என்று மூன்று எழுதிச் சேர்த்துத் தீர்க்க வேண்டியிருந்தது. ஒரு சட்டத்தைக் கேட்டாலும் மூன்றையும் தீர்த்தாக வேண்டும்.

இந்த இடத்தில்தான் ஆகஸ்ட் ரிட்டர் வருகிறார். 1826ல் லூனபர்க்கில் பிறந்தவர்; ஹனோவர் பாலிடெக்னிக்கில் இயக்கவியல் ஆசிரியர். 1860களின் தொடக்கத்தில் இரும்புக் கூரைகளையும் பாலங்களையும் கணக்கிடுவது பற்றி அவர் எழுதிய நூல், மூன்று சமன்பாடுகளும் திருப்புத்திறன் சமன்பாடுகளாகவே இருக்கட்டும் என்றது. ஒவ்வொன்றையும் வேறொரு புள்ளியைச் சுற்றி எடுக்க வேண்டும். அந்தப் புள்ளியை, வேண்டாத இரண்டு சட்டங்களும் சந்திக்கும் இடத்தில் வைக்க வேண்டும்.

கதவைக் கீலின் மீதே கையை வைத்து எவ்வளவு தள்ளினாலும் அது திரும்பாது. ஒரு புள்ளி வழியாகச் செல்லும் விசைக்கு அந்தப் புள்ளியைச் சுற்றித் திருப்பும் ஆற்றல் இல்லை. வேண்டாத இரண்டு சட்டங்களின் கோடுகளும் அந்தப் புள்ளி வழியாகப் போவதால் இரண்டும் சமன்பாட்டிலிருந்து விழுந்துவிடுகின்றன. மிஞ்சுவது நாம் கேட்ட சட்டம் மட்டும். வெட்டைக் கண்டுபிடித்தவர்கள் பலர். அந்தப் புள்ளியை இப்படித் தேர்ந்தெடுக்கச் சொன்னதுதான் ரிட்டர் தந்தது. என் கணிப்பில், இந்த முறையின் உயிரே அங்கேதான் இருக்கிறது.

ஒரு பாலத்தை வைத்தே இதைப் பார்த்துவிடலாம். நீளம் 24 மீட்டர். தலா 4 மீட்டரில் ஆறு கட்டங்கள். கீழ்ச் சட்டத்தின் மூட்டுகளை இடமிருந்து வலமாக கீ0, கீ1 என்று தொடங்கி கீ6 வரை பெயரிடுவோம். கீ0விலும் கீ6லும் தாங்கிகள். கீ1 முதல் கீ5 வரை ஒவ்வொன்றுக்கும் நேர் மேலே மே1 முதல் மே5 வரை மேல் மூட்டுகள். மே1 கீழ்ச் சட்டத்திலிருந்து 3 மீட்டர் உயரம். மே2, மே3, மே4 மூன்றும் 4 மீட்டர். மே5 மறுபடி 3 மீட்டர். அதாவது மேல் சட்டம் ஓரத்தில் சாய்ந்து ஏறி, நடுவில் படுக்கையாக ஓடி, மறு ஓரத்தில் இறங்குகிறது. சாய்வுச் சட்டங்கள் மேலிருந்து பாலத்தின் நடுப்பக்கம் நோக்கி இறங்குகின்றன: மே1–கீ2, மே2–கீ3, வலப்பக்கமும் அப்படியே. கீ1 முதல் கீ5 வரை ஒவ்வொரு மூட்டிலும் 60 கிலோநியூட்டன் பாரம் தொங்குகிறது. மொத்தம் 300, எனவே ஒவ்வொரு தாங்கியும் மேல்நோக்கி 150 தருகிறது.

நமக்கு வேண்டியது இரண்டாம் கட்டத்தின் சாய்வுச் சட்டமான மே1–கீ2. கீ1க்கும் கீ2க்கும் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு போட்டு வெட்டுகிறோம். அது மூன்று சட்டங்களை அறுக்கிறது: மேலே மே1–மே2, நடுவில் மே1–கீ2, கீழே கீ1–கீ2. இடப்பாதியை வைத்துக்கொள்வோம். அதன் மேல் உள்ள வெளி விசைகள் இரண்டே: கீ0வில் மேல்நோக்கி 150, கீ1ல் கீழ்நோக்கி 60.

வேண்டாதவை மேல் சட்டமும் கீழ்ச் சட்டமும். அவை எங்கே சந்திக்கின்றன? மேல் சட்டம் 4 மீட்டருக்கு 1 மீட்டர் ஏறுகிறது. மே1லிருந்து பின்னோக்கி நீட்டினால் 3 மீட்டர் இறங்க 12 மீட்டர் போக வேண்டும். மே1 தாங்கியிலிருந்து 4 மீட்டரில் இருப்பதால், அந்தக் கோடு கீழ்ச் சட்டத்தின் கோட்டைத் தாங்கிக்கு 8 மீட்டர் வெளியே சந்திக்கிறது. பாலத்துக்கு வெளியே, ஆற்றங்கரையில், எந்த இரும்பும் இல்லாத இடம். அதுதான் ரிட்டர் புள்ளி. திருப்புத்திறன் எடுக்கும் புள்ளி கட்டுமானத்தில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது மாணவர்களுக்கு முதலில் சங்கடமாகத்தான் இருக்கும். சமநிலையில் உள்ள ஒரு பொருள் எந்தப் புள்ளியைச் சுற்றியும் திரும்புவதில்லை. எனவே எந்தப் புள்ளியையும் எடுக்கலாம்.

அந்தப் புள்ளியிலிருந்து தாங்கி 8 மீட்டர். அதன் 150 ஒரு பக்கமாக 1200 திருப்புகிறது. கீ1 மூட்டு 12 மீட்டர். அதன் 60 எதிர்ப்பக்கமாக 720. மிச்சம் 480. இதைச் சமன் செய்ய வேண்டியது சாய்வுச் சட்டம் ஒன்றே. அதன் கை நீளத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுருக்கம் உண்டு. விசையை அதன் கோட்டின் வழியே எங்கு வேண்டுமானாலும் நகர்த்தலாம் என்பதால், அதை கீ2 வரை நகர்த்துவோம். அங்கே அதன் கிடைக்கூறு ரிட்டர் புள்ளி வழியாகவே போய்விடும். செங்குத்துக் கூறு மட்டும் திருப்பும். சட்டம் 4 மீட்டர் பக்கவாட்டிலும் 3 மீட்டர் உயரத்திலுமாக 5 மீட்டர் நீளம். ஆகவே செங்குத்துக் கூறு 0.6 பங்கு. கீ2 இருப்பது புள்ளியிலிருந்து 16 மீட்டரில். 16ஐ 0.6ஆல் பெருக்கினால் கை நீளம் 9.6.

480 ÷ 9.6 = 50

சட்டம் 50 கிலோநியூட்டன் இழுவிசையில் இருக்கிறது. கணக்கு முடிந்தது. மேல் சட்டத்தில் எவ்வளவு, கீழ்ச் சட்டத்தில் எவ்வளவு என்று நமக்கு இன்னும் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை.

கீழ்ச் சட்டம் வேண்டுமென்றால் மற்ற இரண்டும் சந்திக்கும் மே1க்குப் போக வேண்டும். கீ1ன் பாரம் அதற்கு நேர் கீழே இருப்பதால் அதுவும் விழுந்துவிடும். 150ஐ 4ஆல் பெருக்கி 3 மீட்டர் உயரத்தால் வகுத்தால் 200 கிலோநியூட்டன் இழுவிசை. மேல் சட்டத்துக்கு கீ2ஐச் சுற்றிச் சுழற்ற வேண்டும்: 1200ல் 240 போக 960. மேல் சட்டத்தை மே2 வரை நகர்த்தினால் அதன் கிடைக்கூறுக்கு 4 மீட்டர் கை. ஆகவே கிடைக்கூறு 240, நான்குக்கு ஒன்று சாய்வதால் செங்குத்துக் கூறு 60, இரண்டும் சேர்ந்து சுமார் 247 அமுக்கவிசை.

இந்த மூன்று விடைகளும் ஒன்றையொன்று நம்பி வந்தவை அல்ல. அதனால்தான் ஒன்றை வைத்து மற்றொன்றைச் சரிபார்க்க முடிகிறது. இடப்பாதியில் மேல்நோக்கி 150, கீழ்நோக்கி 60, மிச்சம் 90. மேல் சட்டம் அந்தப் பாதியை 60 அளவுக்குக் கீழே அமுக்குகிறது. சாய்வுச் சட்டம் 50ல் 0.6 பங்கான 30 அளவுக்குக் கீழே இழுக்கிறது. 60ம் 30ம் 90. சரியாகப் பொருந்துகிறது.

இந்த 90ஐச் சற்று நின்று கவனிக்க வேண்டும். அதுதான் அந்தக் கட்டத்தின் வெட்டுவிசை. ஷ்வெட்லர் சொன்னபடி சாய்வுச் சட்டமே முழுவதையும் தாங்குகிறது என்று எடுத்துக்கொண்டு 90ஐ 0.6ஆல் வகுத்தால் 150 வரும். உண்மை 50. மூன்று மடங்கு பிசகு. ஷ்வெட்லர் மீது குற்றமில்லை. அவர் சொன்னது இணையாக ஓடும் சட்டங்களுக்கு. இங்கே சாய்ந்த மேல் சட்டம் பாரத்தில் மூன்றில் இரண்டு பங்கைத் தன் சரிவு வழியாகவே தாங்கிக்குக் கொண்டுபோய்விடுகிறது. ஓரத்தில் தாழ்ந்து நடுவில் உயரும் டிரஸ்களில் சாய்வுச் சட்டங்கள் மெலிந்து இருப்பதற்குக் காரணம் இதுதான்.

அடுத்த கட்டத்தில் மே2–மே3 படுக்கையாக ஓடுவதால் கீழ்ச் சட்டத்தை எங்குமே சந்திக்காது. ரிட்டர் புள்ளி முடிவிலிக்குப் போய்விட்டது. அப்போது திருப்புத்திறனுக்குப் பதில் செங்குத்துச் சமன்பாடு போதும்: 150ல் இரண்டு 60கள் போக 30, மே2–கீ3 சட்டம் 45 பாகையில் சாய்வதால் 30ஐ 0.707ஆல் வகுத்து சுமார் 42. ஷ்வெட்லரின் வழி ரிட்டரின் வழிக்குள்ளேயே ஒரு தனி நிலையாக அடங்கிவிடுகிறது. மேல் சட்டம் மிக லேசாகச் சாய்ந்து புள்ளி நூறு மீட்டருக்கு அப்பால் போனால் மட்டும் எச்சரிக்கை வேண்டும். பெரிய எண்ணிலிருந்து பெரிய எண்ணைக் கழித்துச் சிறிய மிச்சத்தை எடுக்கும்போது, சாய்வில் ஏற்படும் சிறு பிழையும் விடையைப் பெரிதாக ஆட்டிவிடும். அங்கே கிடை, செங்குத்துச் சமன்பாடுகளுக்குத் திரும்புவதே நல்லது.

இந்த வெட்டில் அதிகம் நடக்கும் தவறு எங்கே என்று கேட்டால், வெட்டுக்கோட்டின் அருகிலுள்ள மூட்டுப் பாரத்தில் என்பேன். மே1–கீ2 சட்டத்தை அறுத்தபோது கீ2 மூட்டு வலப்பாதியோடு போய்விட்டது. அதில் தொங்கும் 60ம் வலப்பாதிக்கே சொந்தம். படத்தில் வெட்டுக்கோடும் கீ2வும் பக்கத்தில் பக்கத்தில் இருப்பதால், அந்த 60ஐயும் இடப்பாதியில் சேர்த்துவிடுகிறார்கள். அப்படிச் சேர்த்தால் 60ஐ 16ஆல் பெருக்கிய 960 எதிர்ப்பக்கம் போய், 480 என்பது கழித்தல் 480 ஆகிவிடும். விடை 50 அமுக்கவிசை. எண் அதே எண். குறி மட்டும் தலைகீழ். இதைவிட ஆபத்தான தவறு வேறில்லை. செங்குத்துச் சமன்பாட்டில் போட்டுப் பார்த்தாலும் பிடிபடாது, ஏனென்றால் அங்கேயும் அதே 60ஐச் சேர்த்துத்தான் எழுதியிருப்பார்கள். தடுப்பதற்கு ஒரே வழி, வெட்டிய பாதியைத் தனியாக மறுபடி வரைவது. அதில் எந்த மூட்டுகள் இருக்கின்றனவோ அவற்றின் பாரங்கள் மட்டும்தான் கணக்கில் வரும். படம் வரையாமல் முழு டிரஸின் மீதே கோடு போட்டுக் கணக்கிடுபவர்கள்தான் இதில் மாட்டுகிறார்கள்.

குறிகளுக்கு ஒரு பழக்கம் கைகொடுக்கும். எல்லாச் சட்டங்களும் இழுபடுவதாகவே வைத்துக்கொண்டு, அம்புக்குறியை வெட்டிய முகத்திலிருந்து வெளியே பார்த்து வரைய வேண்டும். விடை நேர் எண்ணாக வந்தால் இழுவிசை. எதிர் எண்ணாக வந்தால் அமுக்கம். முன்கூட்டியே ஊகித்து அம்பைத் திருப்பி வரைவது வீண் குழப்பம்.

ரிட்டர் புள்ளி ரயில் பாலத்துக்காரர்களுக்குத் தந்த இன்னொரு பெரிய வசதி, ஓடும் பாரம். மேலே சொன்ன 60ல் 20 பாலத்தின் சொந்த எடை, 40 ரயிலின் எடை என்று பிரிப்போம். பாலம் முழுவதும் ரயில் நிற்கும்போது சாய்வுச் சட்டத்தில் 50. இதுதான் அதிகபட்சமா? இல்லை.

ரயில் கீ1ல் மட்டும் நிற்கும் நிலையை எடுங்கள். இப்போது வலப்பாதியைப் பார்ப்பதுதான் சுலபம், ஏனென்றால் அதில் ரயிலால் வரும் விசை வலத் தாங்கியின் எதிர்விசை ஒன்றுதான். 40ல் ஆறில் ஒரு பங்கு, அதாவது 6.67. ரிட்டர் புள்ளியிலிருந்து அந்தத் தாங்கி 32 மீட்டர். பெருக்கி 9.6ஆல் வகுத்தால் 22.2 அமுக்கவிசை. ரயில் கீ2 முதல் கீ5 வரை மட்டும் நிற்கும்போது இடப்பாதியை எடுத்தால், அங்கேயும் ரயிலால் வரும் விசை இடத் தாங்கியின் 66.7 ஒன்றே. 8ஆல் பெருக்கி 9.6ஆல் வகுத்தால் 55.6 இழுவிசை. சொந்த எடையால் எப்போதும் இருப்பது 16.7 இழுவிசை. ஆகவே இந்தச் சட்டம் ஒரு பக்கம் 72.2 வரை இழுபடுகிறது; மறுபக்கம் 5.5க்கும் சற்று மேலே அமுக்கப்படுகிறது.

வெட்டுக்கு வலப்பக்கம் நிற்கும் பாரமெல்லாம் இழுக்கிறது, இடப்பக்கம் நிற்பது அமுக்குகிறது. இது கணக்கில்லாமல் புள்ளியைப் பார்த்தே தெரிந்துவிடுகிறது. முழுப் பாரம் ஏற்றிப் பார்த்து 50 என்று எழுதி நிறுத்தியவர் இரண்டு விதத்தில் பிசகியிருப்பார்: இழுவிசை குறைவாகிவிட்டது, அமுக்கம் உண்டு என்பதே தெரியாமல் போய்விட்டது. இழுவிசைக்கென்று மெல்லிய தட்டைக் கம்பியைப் போட்டால், ரயில் பாலத்தின் ஓரத்தில் ஏறும் அந்தச் சில நொடிகளில் அது அமுக்கப்பட்டு வளைந்துவிடும். அந்தக் காலப் பாலங்களில் சில கட்டங்களில் எதிர்த்திசையிலும் ஒரு சாய்வுக் கம்பியைப் பெருக்கல் குறி போலப் போட்டிருப்பது இதற்காகத்தான்.

வெட்டுக்கு எல்லை உண்டு. தெரியாதவை மூன்றுக்கு மேல் போனால் ஒரே வெட்டு பொதுவாகப் போதாது. ஆனால் உண்மையான நிபந்தனை எண்ணிக்கை அல்ல. வேண்டாதவை எல்லாம் ஒரு புள்ளி வழியாகப் போகின்றனவா என்பதுதான். செங்குத்துச் சட்டத்தின் நடுவில் இரண்டு சாய்வுகள் வந்து சேரும் கே வகை டிரஸில் எப்படி நேராக வெட்டினாலும் நான்கு சட்டங்கள் அறுபடும். ஆனால் நடுமூட்டைச் சுற்றி வளைத்து வெட்டினால், செங்குத்தின் இரு துண்டுகளும் கீழ்ச் சட்டமும் ஒரே மூட்டு வழியாகப் போகும். மேல் சட்டம் தனித்து நின்று விடை தந்துவிடும். வெட்டு நேர்கோடாக இருக்க வேண்டும் என்று ரிட்டரும் சொல்லவில்லை, ராங்கினும் சொல்லவில்லை.

இன்னோர் எல்லை, மூட்டுகள் எல்லாம் தடையின்றித் திரும்பும் ஊசி மூட்டுகள் என்ற அனுமானம். உண்மையில் ரிவெட்டுகளாலும் தகடுகளாலும் இறுக்கிய மூட்டுகள் சட்டங்களைக் கொஞ்சம் வளைக்கவும் செய்கின்றன. அந்தக் கூடுதல் தகைவைக் கணக்கிடும் வழியை 1880ல் மியூனிக்கில் மாண்டெர்லா தந்தார். மெலிந்து நீண்ட சட்டங்களில் அது சிறியது. குட்டையான தடித்த சட்டங்களில் ஒதுக்கிவிட முடியாது.

ரிட்டரின் நூல் 1879ல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் ராயல் எஞ்சினியர்ஸ் படைப்பிரிவைச் சேர்ந்த ரியால் சாங்கி. நீராவி எந்திரத்தின் வெப்பம் எங்கெங்கே போகிறது என்று தடித்த அம்புகளால் 1898ல் படம் வரைந்து காட்டியவரும் அவரே. அந்த வகைப் படத்துக்கு இன்று அவர் பெயர்தான். இதற்கிடையே மேக்ஸ்வெல், குல்மன், கிரமோனா ஆகியோரின் வரைபட முறைகள் வந்து ஒரு தலைமுறைக்குப் பொறியாளர்களின் வரைபலகையை ஆண்டன. எல்லாச் சட்டங்களும் ஒரேயடியாக வேண்டுமென்றால் வரைபடம். ஒன்று மட்டும் வேண்டுமென்றால் ரிட்டர். ஜூரிக்கில் குல்மனுக்குப் பின் பேராசிரியரான வில்ஹெல்ம் ரிட்டர் வேறொருவர். இருவரையும் ஒருவராக எண்ணிவிடுவது அடிக்கடி நடக்கிறது.

ஹனோவரிலிருந்து ஆஹென் நகருக்குப் போன ஆகஸ்ட் ரிட்டர் பிற்காலத்தில் நட்சத்திரங்களின் பக்கம் திரும்பினார். வாயுக் கோளம் தன் எடையைத் தன் அழுத்தத்தால் எப்படித் தாங்குகிறது என்று 1878 முதல் தொடர் கட்டுரைகள் எழுதினார். சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1939ல் வெளியிட்ட நட்சத்திர அமைப்பு பற்றிய நூலில் அந்தக் கட்டுரைகளுக்கு உரிய இடத்தைத் தந்தார். பாலத்தின் பாதியோ சூரியனின் ஓர் அடுக்கோ, ஒரு பகுதியைத் தனியே எடுத்து அது ஏன் விழாமல் நிற்கிறது என்று கேட்பதுதான் இரண்டு இடத்திலும் அவருடைய கேள்வி.

ஜெர்மன் கல்லூரிகளில் இந்த முறைக்கு இன்றும் ரிட்டரின் பெயர்தான். நம் வகுப்புகளில் வெட்டு முறை என்ற பெயரோடு, பெரும்பாலும் மேலும் கீழும் இணையாக ஓடும் டிரஸை வைத்தே தொடங்குகிறோம். அதில் சாய்வுச் சட்டத்துக்கு ரிட்டர் புள்ளியே கிடையாது; மாணவர் வெட்டுவிசையைச் சைனால் வகுத்துவிட்டு, முறையைக் கற்றுவிட்டதாக நினைக்கிறார். முதல் கணக்கே மேல் சட்டம் சாய்ந்த டிரஸாக இருக்கட்டும் என்று ஆசிரியர்களைக் கேட்டுக்கொள்கிறேன். இந்தப் பாலத்தையே கொடுக்கலாம். அளவுகள் எல்லாம் மேலே இருக்கின்றன.